சோற்றைக் குறைத்தால் மட்டும் போதுமா? எடை குறைக்க முதலில் புரதம், அப்புறம் கொழுப்பு, கடைசியில் மாவுச்சத்து... ஆபீஸ் போறவங்களுக்கான கணக்கு இதோ!

காலையில் நாலு இட்லி, மதியம் டிபன் பாக்ஸ் நிறைய சோறு, சாயங்காலம் டீயோடு ரெண்டு வடை, ராத்திரி மூணு தோசை. செங்கல்பட்டில் இருந்து பரனூர் மஹிந்திரா வேர்ல்டு சிட்டிக்கோ, கலெக்டர் ஆபீஸுக்கோ, சென்னைக்கு மின்சார ரயிலிலோ வேலைக்குப் போகும் பலரின் ஒரு நாள் சாப்பாடு ஏறக்குறைய இதுதான். எட்டு மணி நேரம் நாற்காலியில் வேலை, மீதி நேரம் பைக்கிலோ ரயிலிலோ பயணம். வயிறு கொஞ்சம் முன்னால் வந்ததும் எல்லோரும் எடுக்கும் முதல் முடிவு, "இனிமே எல்லாத்தையும் பாதியா குறைச்சிடணும்" என்பதுதான்.

இப்படிச் செய்தால் எடை குறையும். ஆனால் குறைவது கொழுப்பு மட்டும் இல்லை, தசையும் சேர்ந்தே கரையும். இதைத் தவிர்க்கத்தான் சாப்பாட்டுத் திட்டத்தைப் போடும்போது புரதத்தை முதலில் முடிவு செய்ய வேண்டும் என்கிறார்கள் ஊட்டச்சத்து நிபுணர்கள். அடுத்தது கொழுப்பு. மாவுச்சத்து, அதாவது கார்போஹைட்ரேட், கடைசியில்தான். இந்த வரிசை ஏன்? நம்ம ஊர் சாப்பாட்டில் இதை எப்படிக் கணக்குப் போடுவது? விரிவாகப் பார்க்கலாம்.

எல்லாத்தையும் பாதியாக்கினால் என்ன சிக்கல்?

மேலே சொன்ன சாப்பாட்டையே எடுத்துக்கொள்வோம். சாம்பார், சட்னி, பொரியல், அப்பளம், மூணு டீ எல்லாம் சேர்த்தால் ஒரு நாளைக்கு சுமார் 2,300 கலோரி வரும். அதில் புரதம் 55 முதல் 60 கிராம். அதுவும் பெரும்பகுதி அரிசியில் இருந்தும் கொஞ்சம் பருப்பில் இருந்தும் வருவது.

இதை 1,600 கலோரிக்குக் கொண்டுவர எல்லாவற்றையும் ஒரே அளவில் குறைத்தால், புரதமும் கூடவே குறைந்து 40 கிராம் பக்கத்தில் வந்து நிற்கும். உடலுக்கு வரும் சக்தி குறையும்போது, அது சேமிப்பில் இருந்து எடுத்துச் செலவு செய்கிறது. அந்தச் சேமிப்பு கொழுப்பாகவும் இருக்கலாம், தசையாகவும் இருக்கலாம். சாப்பாட்டில் புரதம் குறைந்து, தசைக்கு வேலையும் இல்லை என்றால், தசையில் இருந்து எடுப்பது அதிகமாகிறது.

தராசில் இது தெரியாது. 4 கிலோ குறைந்தால் நாலு கிலோதான் காட்டும், அதில் எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு தசை என்று பிரித்துக் காட்டாது. பழைய சாப்பாட்டுக்குத் திரும்பும்போது எடை மறுபடி ஏறும். ஆனால் ஏறுவதில் பெரும்பகுதி கொழுப்பாக இருக்கும். "டயட் இருந்தேன், முன்னைவிட குண்டாயிட்டேன்" என்ற புலம்பலுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்தியர்களின் தட்டில் என்ன இருக்கிறது?

சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வின் உணவு குறித்த முடிவுகள் 2025-ல் வெளியாயின. இந்தியர்கள் சாப்பிடும் மொத்தக் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்தில் இருந்து வருகிறது, புரதத்தின் பங்கு சுமார் 12 சதவீதம்தான் என்றது அந்த ஆய்வு. தெற்கில் அந்த மாவுச்சத்தின் முக்கிய வடிவம் வெள்ளை அரிசி.

நம்ம வீட்டுப் பழக்கமும் அப்படித்தான். இலையில் முதலில் சோறு, அதற்கு எவ்வளவு குழம்பு வேண்டுமோ அவ்வளவு குழம்பு. மீனோ முட்டையோ இருந்தால் ஓரமாக ஒரு துண்டு. அதாவது மாவுச்சத்துதான் அளவை முடிவு செய்கிறது, புரதத்துக்கு மிச்சம் இருக்கும் இடம்தான் கிடைக்கிறது. புதிய கணக்கு இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போடுகிறது.

ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 'முதலில் புரதம்' என்பது சாப்பிடும்போது முதல் வாய் மீன், அடுத்த வாய் சோறு என்ற வரிசை இல்லை. திட்டம் போடும்போது எதன் அளவை முதலில் முடிவு செய்வது என்ற வரிசை.

முதல் படி: மொத்தம் எத்தனை கலோரி?

உதாரணத்துக்கு, செங்கல்பட்டில் வசிக்கும் 34 வயது ஆண் ஊழியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். எடை 82 கிலோ, உயரம் 170 செ.மீ. உடற்பயிற்சி கிடையாது.

மிஃப்ளின் – செயின்ட் ஜியோர் என்ற சூத்திரம் உலகம் முழுக்கப் பயன்பாட்டில் இருக்கிறது. எடையை 10-ஆல் பெருக்க வேண்டும். உயரத்தை 6.25-ஆல் பெருக்கி அதோடு கூட்ட வேண்டும். வயதை 5-ஆல் பெருக்கி அதில் கழிக்க வேண்டும். ஆண் என்றால் கடைசியில் 5 கூட்ட வேண்டும், பெண் என்றால் 161 கழிக்க வேண்டும்.

இவருக்கு 820 + 1,062 – 170 + 5, சுமார் 1,717. எந்த வேலையும் செய்யாமல் படுத்தே இருந்தால்கூட உடலுக்குத் தேவைப்படும் கலோரி இது. நாற்காலி வேலை என்பதால் இதை 1.2-ஆல் பெருக்கினால் சுமார் 2,050 வரும். அவருடைய ஒரு நாள் செலவு இதுதான். 2,300 சாப்பிட்டு 2,050 செலவு செய்தால் தொப்பை வராமல் என்ன செய்யும்?

இதில் 450-ஐக் குறைத்தால் 1,600 கலோரி. ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருப்பதால், வாரத்துக்கு 400 கிராம் அளவுக்கு எடை குறையும் என்று எதிர்பார்க்கலாம். சூத்திரம் தருவது ஒரு மதிப்பீடுதான். ஆளுக்கு ஆள் நூறு, இருநூறு கலோரி வித்தியாசம் இருக்கும். அதை எப்படிச் சரிபார்ப்பது என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

இரண்டாவது படி: புரதம் ஏன் முதலில்?

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரைப்படி, ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் புரதம் தேவை. ஆனால் இது எடை குறைக்காமல், வழக்கமாகச் சாப்பிடுபவருக்கான அளவு. கலோரியைக் குறைக்கும்போது, தசையைக் காப்பாற்ற இதைவிட அதிகம் தேவை. பொதுவாக கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை வைக்கிறார்கள். புரதத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. வயிறு நிறைந்த உணர்வு நீண்ட நேரம் இருப்பதால், நாலு மணிக்கு வடைக் கடை பக்கம் கால் போவது குறையும்.

எந்த எடையால் பெருக்குவது என்பதில்தான் பலர் தப்பு செய்கிறார்கள். உடம்பில் கூடுதலாக இருக்கும் கொழுப்புக்குப் புரதம் பெரிதாகத் தேவை இல்லை. அதனால் இப்போதைய 82-ஐ எடுக்காமல், உயரத்துக்கு ஏற்ற இலக்கு எடையை எடுக்க வேண்டும். இந்தியர்களுக்கு பிஎம்ஐ 23-ஐத் தாண்டினாலே அதிக எடை என்று கணக்கு. 170 செ.மீ. உயரத்துக்கு அது 66 – 67 கிலோ. நடைமுறைக்கு 68 என்று வைத்துக்கொள்ளலாம்.

68-ஐ 1.4-ஆல் பெருக்கினால் 95 கிராம் புரதம். ஒரு கிராம் புரதத்தில் 4 கலோரி, ஆக 380 கலோரி. 1,600-ல் இது முதலில் எடுத்து வைக்கும் பங்கு. எக்காரணம் கொண்டும் இதில் கை வைக்கக் கூடாது.

மூன்றாவது படி: கொழுப்பை ஏன் ஒழிக்கக் கூடாது?

ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. அதனால் "எண்ணெயே வேண்டாம்" என்று முடிவெடுப்பவர்கள் நிறைய. அதுவும் தப்பு. வைட்டமின் ஏ, டி, ஈ, கே நாலும் கொழுப்பில் கரைந்துதான் உடலில் சேரும். உடலே தயாரிக்க முடியாத சில கொழுப்பு அமிலங்கள் சாப்பாட்டில் இருந்து வந்தாக வேண்டும். ஹார்மோன் உற்பத்திக்கும் கொழுப்பு தேவை. எனவே கொழுப்புக்கு ஒரு கீழ் எல்லை உண்டு. மொத்தக் கலோரியில் 20 சதவீதத்துக்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது.

நம்ம சமையலில் தாளிப்பு, தேங்காய் எல்லாம் இருப்பதால் 25 முதல் 30 சதவீதம் என்று வைப்பதுதான் நடைமுறைக்கு வரும். இவருக்கு 50 கிராம் வைத்தால் 450 கலோரி. இது எண்ணெய் மட்டும் இல்லை. முட்டையின் மஞ்சள் கரு, பால், தயிர், தேங்காய், மீனில் இருக்கும் கொழுப்பு எல்லாம் சேர்த்துத்தான் 50. அதனால் சமையல் எண்ணெய்க்கு மிஞ்சுவது ஒரு நாளைக்கு நாலைந்து டீஸ்பூன்தான். ஒரு டீஸ்பூன் எண்ணெய் என்றால் 5 கிராம், 45 கலோரி.

நான்காவது படி: மிச்சம் எல்லாம் மாவுச்சத்து

1,600-ல் புரதத்துக்கு 380, கொழுப்புக்கு 450 போனால் மீதி 770 கலோரி. மாவுச்சத்திலும் கிராமுக்கு 4 கலோரி என்பதால், சுமார் 190 கிராம் கிடைக்கும்.

மாவுச்சத்தைக் கடைசியில் வைக்கக் காரணம், அது கெட்டது என்பதால் இல்லை. கூட்டவும் குறைக்கவும் இடம் கொடுப்பது அது மட்டும்தான். புரதம் ஒரு அளவுக்குக் கீழே போனால் தசை போகும். கொழுப்பு ஒரு அளவுக்குக் கீழே போனால் வேறு பிரச்சினைகள் வரும். மாவுச்சத்தை 250-ல் இருந்து 190-க்குக் குறைத்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் இதற்கும் தரை உண்டு. மூளைக்குத் தேவையான குளுக்கோஸைக் கணக்கிட்டு, ஒரு நாளைக்கு 130 கிராம் மாவுச்சத்து தேவை என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். ஆக 190 என்பது பாதுகாப்பான இடம். சோறு, இட்லி இரண்டையும் விட வேண்டிய அவசியமே இல்லை.

தட்டில் வைத்தால் எப்படி இருக்கும்?

எண்களை மட்டும் வைத்துக்கொண்டு பசியாற முடியாது. அந்த ஊழியரின் ஒரு வேலை நாளை இப்படி மாற்றலாம்.

காலை: இட்லி 3, அவித்த முட்டை 2, கெட்டியான சாம்பார் ஒரு கப். புரதம் சுமார் 25 கிராம். நாலு இட்லியில் ஒன்றைக் குறைத்து ரெண்டு முட்டை சேர்த்ததுதான் மாற்றம்.

மதியம்: 70 கிராம் அரிசியில் வடித்த சோறு, சுத்தம் செய்த மீன் 150 கிராம் போட்ட குழம்பு, ஒரு கப் காய்கறிப் பொரியல். புரதம் சுமார் 37 கிராம். இதில் மீனின் பங்கு மட்டும் 30.

சாயங்காலம்: 30 கிராம் கறுப்புக் கொண்டைக்கடலையை ஊறவைத்து வேகவைத்த சுண்டல். புரதம் 6 கிராம். வடைக்குப் பதில் இது.

ராத்திரி: 60 கிராம் பச்சைப்பயறை ஊறவைத்து அரைத்த தோசை 2, தயிர் ஒரு சின்னக் கிண்ணம். புரதம் 19 கிராம். அரிசி மாவு தோசை என்றால் இந்த இடத்தில் புரதம் பாதியாகிவிடும்.

இதோடு ஒரு டீஸ்பூன் சர்க்கரை போட்ட டீ ரெண்டு. மொத்தமாகக் கூட்டினால் புரதம் 93, கொழுப்பு 53, மாவுச்சத்து 187 கிராம். கலோரி 1,600-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. ரெண்டு, மூணு கிராம் முன்னே பின்னே இருந்தால் கவலை இல்லை.

இதில் பவுடர் இல்லை, ஓட்ஸ் இல்லை, வெளிநாட்டுச் சாமான் எதுவும் இல்லை. மாறியது ஒன்றுதான். டிபன் பாக்ஸில் சோற்றைப் போட்டுவிட்டு மீதி இடத்தில் மீனை வைக்காமல், மீனை வைத்துவிட்டு மீதி இடத்தில் சோற்றைப் போட்டது. கேன்டீனில் சாப்பிடுபவர் என்றால், "அண்ணே, சோறு ஒரு கரண்டி கம்மியா போடுங்க, மீன் இன்னொரு துண்டு வைங்க" என்று சொல்வதுதான் மொத்தத் திட்டமும்.

பருப்பு சாப்பிட்டால் புரதம் வந்துடாதா?

சைவம் சாப்பிடுபவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. பதில்: வரும், ஆனால் தனியாக வராது. 100 கிராம் துவரம்பருப்பில் புரதம் சுமார் 22 கிராம். கூடவே மாவுச்சத்து 55 கிராம் வருகிறது. மீன் தந்த 30 கிராம் புரதத்தைத் துவரம்பருப்பில் மட்டும் எடுக்க வேண்டும் என்றால் கிட்டத்தட்ட 140 கிராம் பருப்பு வேண்டும். அதில் வரும் மாவுச்சத்து, 100 கிராம் அரிசியில் வரும் மாவுச்சத்துக்குச் சமம். அதாவது பருப்பைக் கூட்டினால் சோற்றை இன்னும் குறைத்தாக வேண்டும். ஹோட்டல் சாம்பாரில் இருக்கும் பருப்பு ரொம்பக் குறைவு என்பதால், அதைப் புரதக் கணக்கில் சேர்ப்பதே வீண்.

வேர்க்கடலைக்கும் இதே கதைதான். அதில் 100 கிராமுக்கு 24 கிராம் புரதம் இருந்தாலும், 40 கிராம் கொழுப்பும் சேர்ந்து வருகிறது. பனீரிலும் புரதத்தின் அளவுக்குக் கொழுப்பு இருக்கும். இவற்றைச் சேர்க்கும் நாளில் சமையல் எண்ணெயைக் குறைக்க வேண்டும்.

சைவத்தில் கணக்கை எளிதாக்குவது சோயா உருண்டை, அதாவது மீல் மேக்கர். காய்ந்த நிலையில் 40 கிராம் எடுத்தால் 20 கிராம் புரதம் வரும், கொழுப்பு மிகக் குறைவு. புரட்டாசி மாதமோ, செவ்வாய், சனிக்கிழமையோ, மதியம் மீனுக்குப் பதில் 40 கிராம் மீல் மேக்கர் குழம்பும் கூடுதலாக ஒரு கிண்ணம் தயிரும் வைத்தால் பெரும்பகுதி ஈடாகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போனால்?

திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போனால் கடலோர உணவகங்களில் மீன், இறால், நண்டு எதற்கும் பஞ்சம் இல்லை. கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இந்தத் திட்டத்தில் ஒரு வசதி உண்டு. இறாலும் வஞ்சிரமும் புரதம் நிறைந்தவை, கொழுப்பு குறைந்தவை. 150 கிராம் இறாலில் சுமார் 30 கிராம் புரதம் வரும்.

கணக்கு கெடுவது மீனில் இல்லை, அது பொரியும் எண்ணெயில். மசாலா தடவி, முழுக்க எண்ணெயில் மூழ்க வைத்துப் பொரித்தால், ஒரு பங்கு மீன் 15 கிராம் எண்ணெய் வரை குடித்துவிடலாம். அதுவே 135 கலோரி. அதோடு ரெண்டு பரோட்டா சேர்ந்தால் 500 கலோரிக்கு மேல். ஆக வெளியே சாப்பிடும்போதும் அதே வரிசைதான். முதலில் எந்த மீன், எத்தனை துண்டு என்று முடிவு செய்வது. அடுத்து அது குழம்பா, தவாவில் சுட்டதா, பொரித்ததா என்று பார்ப்பது. அதன் பிறகுதான் சோறா, பரோட்டாவா, எவ்வளவு என்ற கேள்வி. பொரித்த மீன் வாங்கினால் பரோட்டா ஒன்றோடு நிறுத்த வேண்டியிருக்கும்.

மத்தி, கானாங்கெளுத்தி போன்றவற்றில் ஒமேகா-3 கொழுப்பு அதிகம். இதயத்துக்கு நல்லது, விலையும் குறைவு. ஆனால் அந்தக் கொழுப்பும் 50 கிராம் கணக்கில் வரும் என்பதால், அந்த நாளில் தாளிப்பைக் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் பெரிய மீன்களின் விலை எகிறும். அந்த ரெண்டு மாதத்துக்கு முட்டை, கோழி, மீல் மேக்கர் என்று மாற்றிக்கொள்வது வழக்கமான வழி. கருவாட்டிலும் புரதம் அதிகம்தான். ஆனால் உப்பும் மிக அதிகம். பிபி உள்ளவர்கள் அதைத் தினசரி மீனுக்கு மாற்றாக வைக்கக் கூடாது.

எங்கே தப்பு நடக்கிறது?

முதல் தப்பு, பச்சையா, வெந்ததா என்ற குழப்பம். 100 கிராம் அரிசி வெந்தால் 250 முதல் 300 கிராம் சோறாகும். '70 கிராம்' என்பதைச் சோற்றின் எடையாக எடுத்துக்கொண்டால் ரெண்டு கரண்டிகூட வராது, ரெண்டு நாளில் பசி தாங்காமல் திட்டமே கைவிடப்படும். எல்லாவற்றையும் சமைப்பதற்கு முன்பே எடை போடுவதுதான் சரி.

இரண்டாவது, மீன் மார்க்கெட் கணக்கு. முழு மீனாக ஒரு கிலோ வாங்கினால் தலை, செதில், குடல், முள் போக 600 கிராம் போல்தான் சதை மிஞ்சும். தராசில் காட்டிய எடையை அப்படியே புரதக் கணக்கில் போட்டால் தினமும் 10 கிராம் வரை குறைவாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்போம்.

மூன்றாவது, கண்ணளவு எண்ணெய். தாளிக்கும்போது "ஒரு சுத்து" ஊற்றுவது பல வீடுகளில் ரெண்டு டேபிள்ஸ்பூன் வரை போகும். ஒரு வாரம் மட்டும் டீஸ்பூனில் அளந்து பார்த்தாலே கணக்கு எங்கே உதைக்கிறது என்று தெரிந்துவிடும்.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்?

முதல் வாரத்தில் 1 முதல் 2 கிலோ குறைந்தால் குஷியாக வேண்டாம். மாவுச்சத்து குறையும்போது உடலில் சேமித்த கிளைக்கோஜனும் அதோடு ஒட்டியிருக்கும் தண்ணீரும் வெளியேறுகிறது, அவ்ளோதான். அதேபோல ஒரு நாள் உப்பான சாப்பாடு சாப்பிட்டு மறுநாள் ஒரு கிலோ ஏறினாலும் பயப்பட வேண்டாம்.

தினமும் காலையில் ஒரே நேரத்தில் எடை பார்த்து, ஏழு நாள் சராசரியை மட்டும் ஒப்பிட வேண்டும். அதோடு வாரம் ஒரு முறை தொப்புள் மட்டத்தில் இடுப்பளவு எடுக்க வேண்டும். எடை மெதுவாகவும் இடுப்பு சீராகவும் குறைந்தால் போவது கொழுப்பு. எடை வேகமாகக் குறைந்து, இடுப்பு அப்படியே இருந்து, ரயில்வே மேம்பாலப் படி ஏறினாலே கால் தளர்ந்தால் தசை போகிறது என்று சந்தேகிக்கலாம். வாரத்துக்கு உடல் எடையில் ஒரு சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து குறைவதும் எச்சரிக்கை மணிதான்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். புரதம் மட்டும் சாப்பிட்டுவிட்டு நாற்காலியிலேயே இருந்தால் முழுப் பலன் கிடைக்காது. "இந்தத் தசை தேவை" என்று உடலுக்குச் சொல்வது வேலைதான். வாரத்துக்கு ரெண்டு, மூணு நாள் தோப்புக்கரணம் போல உட்கார்ந்து எழுவது, தண்டால், எடை தூக்குவது போன்ற பயிற்சி அவசியம்.

மூன்று வாரம் ஆகியும் சராசரி நகரவில்லை என்றால், முதலில் எண்ணெயையும் டீ சர்க்கரையையும் மறுபடி அளக்க வேண்டும். அது சரியாக இருந்தும் நகரவில்லை என்றால், மாவுச்சத்தில் 25 கிராம் குறைக்கலாம். ஒன்றரை இட்லி அளவைவிடக் கொஞ்சம் கூடுதல்தான் இது. புரதம் 95, கொழுப்பு 50 அப்படியே இருக்க வேண்டும். எதைக் குறைப்பது என்ற சந்தேகமே வராமல் இருப்பதுதான் இந்த வரிசையின் பெரிய வசதி.

பெண்களுக்கும் இதே எண்களா?

வரிசை அதே, எண்கள் வேறு. 32 வயது, 155 செ.மீ., 62 கிலோ உள்ள பெண் ஊழியருக்கு ஒரு நாள் செலவே சுமார் 1,520 கலோரிதான். இதில் 450-ஐக் குறைத்தால் சாப்பாடு ரொம்பச் சுருங்கிவிடும். எனவே 300 மட்டும் குறைத்து 1,220 வைக்கலாம். இலக்கு எடை 55 கிலோ என்றால் புரதம் 77 கிராம், கொழுப்பு 40 கிராம். மிச்சத்தில் மாவுச்சத்து 138 கிராம் வரும். 130 என்ற தரைக்கு இது ரொம்பப் பக்கம் என்பதால், இதற்கு மேல் சாப்பாட்டில் குறைக்க இடம் இல்லை. வேகம் வேண்டும் என்றால் நடையைத்தான் கூட்ட வேண்டும். கணவர் பின்பற்றும் அதே அளவை மனைவியும் பின்பற்றி, "எனக்கு மட்டும் குறையவே இல்லை" என்று சோர்ந்துபோவதற்குக் காரணம் இந்த வித்தியாசம்தான்.

யார் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது?

சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்குப் புரதத்தின் அளவை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். நீண்ட நாள் சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ இருப்பவர்கள், தொடங்கும் முன் ரத்தத்தில் கிரியேட்டினின் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

இன்சுலின் போடுபவர்களும், சர்க்கரையைக் குறைக்கும் சில வகை மாத்திரை எடுப்பவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மருந்தின் அளவு பழைய சோற்றின் அளவுக்கு ஏற்ப எழுதப்பட்டது. மாத்திரையை மாற்றாமல் மாவுச்சத்தை மட்டும் குறைத்தால் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து, வியர்வை, நடுக்கம், மயக்கம் வரலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் கலோரி குறைக்கும் திட்டத்தையே இப்போது எடுக்க வேண்டாம்.

மற்றவர்கள் நாளை காலை செய்ய வேண்டியது ஒன்றுதான். டிபன் பாக்ஸைத் திறந்ததும், சோற்றுக் கரண்டியை எடுப்பதற்கு முன், "இன்னைக்குப் புரதம் எங்கே இருந்து வரப்போகுது?" என்று ஒரு முறை கேட்டுக்கொள்வது. அதை வைத்த பிறகு மிஞ்சும் இடம்தான் சோற்றுக்கு.